ஊதாவாகிப்போன வாவி

மட்டக்களப்பு அச்சகமொன்றில் வாவிப் படம் போட்ட புரோஷர் நீலம் மாறி ஊதாவாக வந்தபோது, முதலாளி நல்லரத்தினம் வாடிக்கையாளர் முன்னாலேயே வடிவமைப்பாளர் கோமளேஸ்வரியை வேலையைவிட்டுத் துரத்தினார். "உனக்குக் கண் பழுது!" திரைநிறத்தை அச்சுநிறமாக மாற்ற நேரமில்லை, அப்படியே அனுப்பு என்றவரும் அவர்தான்.

நாவற்குடாவில் தனியாகக் கணினி போட்டு வடிவமைப்பு வேலை தொடங்கியவள், நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கிய 2006இலும் அந்தச் சொல்லை மறக்கவில்லை. ஒருநாள் அதே வாடிக்கையாளரோடு வந்து நின்றார் நல்லரத்தினம். கையில் இன்னொரு ஊதா வாவி.

"பிள்ளை, ஒருக்காச் சரிப்படுத்தித் தா."

கோப்பு இன்னும் திரைக்கான ஆர்ஜீபி நிறத்தில்தான் இருந்தது. அச்சு மைகளுக்கான சீஎம்வைகேக்கு மாற்றினாள். நீலத்தில் சியான் மைக்குச் சமமாக நின்று அதை ஊதாவாக்கிய மஜெந்தா மையை நன்றாகக் குறைத்து, மாதிரி அச்செடுத்தாள். வாவி நீலமாகவே வந்தது. வாடிக்கையாளரிடம் நீட்டினாள்.

"முதலாளியை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கண் பழுது."