கப்பலின் வலப்பக்கக் கொடி

டோரதியைப் பற்றி எங்கள் ஆபீசில் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். வேலையில் கெட்டி, வாயில் அடக்கம் கிடையாது. அந்த இரண்டாவதைக் குறை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அடக்கமாக இருந்து யார் என்ன கிழித்துவிட்டார்கள்?

முன்பு அவள் பூகோள டீச்சர். தேர்வில் தோற்ற ஒரு பெரிய இடத்துப் பெண்ணின் மார்க்கை மாற்றச் சொன்னார்கள். மாற்ற மாட்டேன் என்று சாக்பீஸை மேஜையில் போட்டுவிட்டு வந்தவள், எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். வாட்ஸப்பில் சுற்றும் படங்கள் உண்மையா பொய்யா என்று பார்த்து டிவிக்காரர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சொல்வது எங்கள் வேலை. துறைமுகப் படம் வந்தால் அது டோரதிக்கு. இத்தனைக்கும் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த அவள் கடலைப் பார்த்தது வேளாங்கண்ணியில் மட்டும்தான்.

போன மாதம் ஒரு படம் வந்தது. துறைமுகத்தில் ஒரு பெரிய கப்பல், லாரிகளிலிருந்து சரிவுப் பலகை வழியாக அதில் ஏறும் மாடுகள். கீழே கன்னடத்தில், 'மங்களூரில் நடக்கும் கொடுமை, இதன் பின்னால் இருப்பவர் இவர்தான்' என்று எழுதி, சிவாஜிநகர் கறிக்கடை ஒன்றின் போர்டை ஒட்டியிருந்தார்கள். போர்டில் நிசார் என்ற பெயர். எனக்கே தெரிந்த கடை. ஆட்டுக்கறி தவிர வேறெதுவும் அங்கே கிடையாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அது இதுதான். ஆனால் அந்த முடிச்சில் ஒரு மனிதனின் கழுத்து மாட்டியிருந்தது. நிசார் வாடகைக்கு இருக்கும் கடையின் சொந்தக்காரர் சாமிநாதன், கடையை உடனே காலி பண்ணு என்று சொல்லிவிட்டாராம். அதே பேட்டையில் வளர்ந்த டோரதியிடம் நிசார் போனில் அழுதிருக்கிறார்.

எங்கள் மேனேஜர் கஸ்தூரிரங்கன் படத்தைப் பெரிதாக்கினார். "பனாமா கொடி, சிவப்பு ஹல், அதான் கப்பலோட உடம்பு. போன வருஷம் மங்களூர்ல இதே மாதிரி ஒரு கப்பல் நான் பார்த்திருக்கேன். இங்க நிக்கலைன்னு எப்படிச் சொல்றது? உறுதிப்படுத்த இயலவில்லைன்னு போட்டுடலாம்."

டோரதி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் சார், நம்ம ஊரு கே.ஏ. நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டு அந்தக் காரு ஓசூர் ரோட்லதான் நிக்குதுன்னு சொல்லுவீங்களா? பின்னாடி பறக்கிறது பதிவு பண்ணின நாட்டுக் கொடி. உலகத்துல பாதிக் கப்பல் பனாமா, லைபீரியான்னுதான் பதிவு பண்ணியிருக்கான். சிவப்பு பெயின்ட்டு எந்தக் கம்பெனிக்காரனும் அடிப்பான். புகைபோக்கில இருக்கிற முத்திரையும் கப்பல் யாருதுன்னு சொல்லுமே தவிர, எங்க நிக்குதுன்னு சொல்லாது."

"அப்ப எதைத்தான் பார்க்கிறது?"

"ஊரை விட்டுப் போகாததைப் பாருங்க."

அவள் விரல் காட்டிய இடத்தில், கப்பலின் ஓரமாக இரண்டு டக் படகுகள் நின்றன. கப்பலை இழுத்தும் தள்ளியும் கரை சேர்க்கும் சின்னப் படகுகள். பெரிய கப்பல் உலகம் சுற்றும். இவை பெரும்பாலும் ஒரே துறைமுகத்தில் கிடந்து உழைக்கும். இரண்டுக்கும் ஒரே கறுப்பு உடம்பு, ஒரே மாதிரி மஞ்சள் புகைபோக்கி. மங்களூர் டக் படகுகளின் படங்களைத் தேடி எடுத்து நாங்கள் பக்கத்தில் வைத்தோம். ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

பிறகு டோரதி கப்பலின் மேலே இருந்த மாஸ்ட்டை, கொடி ஏற்றும் கம்பத்தை, காட்டினாள். அங்கே ஒரு சின்னக் கொடி, வெள்ளையும் நீலமுமாகக் கோடுகள், மூலையில் சூரியன். வேறு நாட்டுத் துறைமுகத்துக்குள் போகும் கப்பல், அந்த நாட்டின் கொடியை மரியாதைக்காக ஏற்ற வேண்டும். மங்களூர் என்றால் நம் மூவர்ணம் அங்கே இருந்திருக்க வேண்டும். இது உருகுவேயின் கொடி.

கஸ்தூரிரங்கன் விடவில்லை. "கொடியை ஒட்ட வச்சிருக்கலாம் இல்ல?"

நியாயமான கேள்விதான். டோரதி படத்தை இன்னும் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். திடீரென்று மேஜையில் ஓங்கி அடித்தாள்.

"மரியாதைக் கொடியை வலப்பக்கம்தான் ஏத்துவாங்க. நாம கப்பலோட பின்பக்கத்தைப் பார்க்கிறோம், அப்ப நம்ம வலது கைப்பக்கம் இருக்கணும். இது இடது பக்கம் இருக்கு. திருட்டுப் பயலுங்க படத்தைத் திருப்பிப் போட்டிருக்கானுங்க! புகைபோக்கில அந்த ஆர் எழுத்தைப் பாருங்க, கண்ணாடில தெரியிற மாதிரி இல்ல?"

படத்தை மீண்டும் திருப்பி இணையத்தில் தேடியதும், அசல் படம் உருகுவேயின் மாண்டிவிடியோ துறைமுகத்தைப் பற்றிய பழைய செய்தி ஒன்றில் கிடைத்தது. ஓரம் வெட்டாத அந்த அசலில் டக் படகுகளின் பின்னாலும் அதே சூரியக் கொடி பறந்தது. அப்படியே தேடினால் அசல் மாட்டக்கூடாது என்றுதான் திருப்பியிருக்கிறார்கள். கஸ்தூரிரங்கன் வேறு பேச்சு பேசாமல் 'பொய்' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

அது வெளியானதும் படத்தைப் பரப்பியவர்கள் மன்னிப்புக் கேட்டார்களா? ஒருவரும் இல்லை. சிலர் சத்தமில்லாமல் அழித்தார்கள். மற்றவர்கள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷனைக் கடித்த வாய்கள், துடைத்துக்கொண்டு நல்லவர் மாதிரி உட்கார்ந்திருந்தன.

சனிக்கிழமை டோரதி இரண்டு படங்களையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்குக் கிளம்பினாள். நானும் போனேன். நிசாரின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் தராசும் கத்திகளும் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன; பக்கத்தில் நிசார் தலை குனிந்து நின்றார். கடைச் சாவியை வாங்கிக்கொள்ளச் சாமிநாதன் வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் தேன்.

"எனக்கு நிசார் மேல ஒண்ணும் இல்லம்மா. ஊரே பேசுது. அந்தக் கப்பல் மேட்டர் மட்டும் இல்லேன்னா நான் ஏன் இப்படிச் சொல்லப் போறேன்?"

டோரதி படங்களைச் சாக்கின் மேல் விரித்தாள். டக் படகு, மரியாதைக் கொடி, திருப்பிப் போட்ட எழுத்து எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வது போலச் சொன்னாள். சாமிநாதன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கவனமாகவே பார்த்தார்.

"கரெக்ட்டும்மா. இது மங்களூர் இல்ல. பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சு."

டோரதியின் முகம் சிவந்தது.

"தோணுச்சா? தெரிஞ்சேதான் காலி பண்ணச் சொன்னீங்களா?"

"அதில்லம்மா, எதுக்கு பேஜாரு... நம்ம மாப்பிள்ளை மொபைல் கடை போடணும்னு ரொம்ப நாளா..."

மாப்பிள்ளைக்குக் கடை வேண்டும். அதற்கு எங்கோ உலகின் அந்தக் கோடியில் நின்ற கப்பல் இவருக்கு வாகாக வந்து வாய்த்திருக்கிறது. டோரதி வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் பயந்தேன். ஆனால் முந்திக்கொண்டது நிசார். அத்தனை நாளும் தலை குனிந்தே நின்றவர்.

"இருங்கக்கா, நான் பேசிக்கிறேன்." அவர் சாமிநாதனுக்கு நேராக வந்து நின்றார். "அய்யா, ஊரு பேசுது, உங்களுக்கு அவமானமாப் போச்சுன்னு நெனச்சுத்தான் வாயத் தொறக்காம போறேன்னேன். என் பொஞ்சாதி வீட்ட விட்டு வெளிய வராம பத்து நாளா அடஞ்சு கெடக்கா. எம்மவன் ஸ்கூலுக்குப் போகல. எல்லாம் உங்க மாப்பிள்ளைக்காகவா?"

"நிசாரு, குரலை எறக்கு."

"எறக்க மாட்டேன். அக்ரிமென்ட் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. கப்பலச் சொன்னீங்க, கப்பல் போயிடுச்சு. இப்ப வேற காரணம் சொல்லுங்க, இந்த மார்க்கெட்டு மொத்தமும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க!"

பக்கத்துத் துணிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமிநாதன் சாவிக்காக நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கிக்கொண்டார். நிசார் குனிந்து பூட்டைத் திறந்தார். பத்து நாளாக வியாபாரத்துக்குத் திறக்காத ஷட்டர் பாதியில் சிக்கியது. காலால் ஓர் உதை விட்டு அதை மேலே ஏற்றினார்.