கறுப்பு இழை கூடாதென்று சொன்ன செய்தி

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டுச் சேலைக்கு ஆர்டர் எடுத்து, தறிக்காரர்களிடம் நெய்து வாங்கித் தருவது என் வேலை. எல்லா விவரமும் தறிக்காரர்கள் இருக்கும் போன் குரூப்பில்தான் போகும். என் டிசைன் ஒன்று இன்னொரு கடையின் கண்ணாடி அலமாரியில் தொங்கியதைப் பார்த்ததும் எனக்குத் தலை கொதித்தது. குரூப்பிலிருந்துதான் கசிந்திருக்கும் என்று, அன்றே அதில் செய்திகள் ஏழு நாளில் தானாக மறையும்படி வைத்துவிட்டேன்.

சும்மா வைக்கவில்லை, அறிவிப்பும் போட்டேன்: "இனிமேல் வருவது ஏழு நாள்தான் இருக்கும். முக்கியமானதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்." நாலைந்து பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். அத்தோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஒரு கல்யாணச் சேலைக்கு மணப்பெண்ணின் அம்மா சொன்னதைக் குரூப்பில் எழுதினேன்: முந்தானையில் கறுப்பு இழை ஒன்றுகூடக் கூடாது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா, "கறுப்பு விஷயம் சொல்லிட்டீங்களாம்மா?" என்று போனில் கேட்டார். "சொல்லாம இருப்பேனா" என்று குரூப்பைத் திறந்தேன். செய்தி இல்லை. என் அறிவிப்பும் இல்லை, அதுவும் மறைகிற செய்திதானே! கெடு வைப்பதற்கு முன்னால் அனுப்பிய டிசைன் படம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதில் மயிலைச் சுற்றிக் கறுப்புக் கோடு.

அந்தச் சேலையை நெய்யும் தறிக்காரருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். சந்தில் குறுக்கே நின்ற ஆட்டோக்காரரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார். கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. அந்தப் பெண் கறுப்புப் பட்ட சேலையோடு மணையில் உட்காரமாட்டாள்.

அவர் வீட்டுத் தறியில் முந்தானை ஒரு சாண் ஓடியிருந்தது. கறுப்போடு.

"குரூப்புல போட்டேனே அண்ணா, பாக்கலியா?" என்று கத்தினேன்.

அவர் தறியை நிறுத்தினார். "முந்தின சேலைய நெய்துக்கினு இருந்தேன்மா. அறுத்தப்புறம்தான் போனைத் தொறப்பேன். முந்தாநாள்தான் தொறந்தேன், படம்தான் இருந்துது."

ஒரு சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கும்வரை அவர் போனைத் தொடமாட்டார். ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தே ஏழு நாள் கெடு வைத்தேன்.

அவர் மனைவி கீழே உட்கார்ந்து ஊடையை, அந்தக் குறுக்கு நூலை, ஒவ்வொரு இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். ஜரிகை அறுந்துவிடக் கூடாதென்று நகத்தால் மெதுவாக இழுத்தார். ரெண்டு நாள் கூலி போச்சு என்று அவர்கள் சொல்லவில்லை, நானாகவே அதைத் தருகிறேன் என்றேன். அங்கேயே நின்று கெடுவைத் தொண்ணூறு நாளாக மாற்றினேன். மறையாத இடமான குரூப் விவரத்தில் அந்தக் கெடுவை எழுதினேன். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

எல்லாம் முடித்து, "இனிமே தப்பாது அண்ணா" என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "குரூப்புக்குச் சொன்னே. எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது.