நைலான் சேலைக்குள் வெள்ளைப் பாவாடை

கீரமங்கலத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். தங்கச்சியை முதலில் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று போனார்கள். பொண்ணுக்குக் காலில் கோளாறாம்.

கோளாறு காலில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் நைலான் சேலையோடு பளபளவென்று ஒரு சாட்டின் பாவாடையும் அனுப்பியிருந்தார். மாசி வெயில். ஈரமில்லாத காற்று. நடந்தால் இரண்டும் உரசிச் சடசடத்தன. சேலை காலோடு ஒட்டியது. கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தாள். நைலான் ரவிக்கை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியது.

அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு இடத்திலிருந்து வருவதாகச் சேதி வந்தது. இந்தத் தடவையும் தட்டிப்போனால் காலைப் பற்றிய பேச்சு ஊரில் நிலைத்துவிடும்.

“நூல் சீலை கட்டட்டும், ஆத்தா” என்றேன்.

“அண்ணன் அனுப்புனது பெட்டியில கெடக்கவா? இல்லாதவங்கன்னு நெனைக்கவா?” என்றது ஆத்தா.

ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மினுக்குத் துணியை எடுத்துப் போட்டார்.

“அது வேணாங்க. பாவாடைக்குப் பருத்தி லாங்கிளாத் குடுங்க. ரவிக்கைக்கு உள்ளுக்கு மெல்லிசா மல்லு.”

“நைலானுக்குக் கீழ லாங்கிளாத்தா? கம்பளியும் இருக்கு, தரவா?”

“ஒங்க வீட்டம்மாவுக்குக் குடுங்க.”

சிரித்துவிட்டு எடுத்தார். லாங்கிளாத் மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன். விரல் தெரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக நின்றது. கஞ்சி. அப்படியே தைத்தால் வேர்வையைக் குடிக்காது. துவைத்தால் சுருங்கும். வீட்டில் இரண்டையும் ஊறவைத்துக் கசக்கிக் காயவைத்தேன். மறுபடி சொட்டு விட்டேன். குடித்துக்கொண்டது.

பாவாடையை எட்டி வைத்து நடக்கும் அகலத்துக்கு வெட்டினேன். ரவிக்கைக்கு மல்லை உள்ளே கொடுத்தேன். தங்கச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இதுவும் ஒட்டுச்சுன்னா?”

எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளையின் தாயார் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தார். பழைய பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது.

“அங்கிட்டுப் போயி ஒரு செம்புத் தண்ணி கொண்டா தாயி.”

போனாள். கொசுவம் நேராக விழுந்தது. கையால் பிடிக்கவில்லை. சத்தமில்லை. திரும்பி வந்து செம்பை நீட்டினாள்.

அந்தம்மா தண்ணீரைக் குடிக்காமல் என் ஆத்தா பக்கம் குனிந்தார். “எம் மகளுக்கும் இப்பிடி ஒரு சீலை இருக்கு. காலச் சுத்திக்கிட்டு மானத்த வாங்குது. இதுக்கு உள்ள என்ன போட்டிருக்கீங்க?”

ஆத்தா என்னைக் காட்டியது. லாங்கிளாத், கஞ்சி போகத் துவைத்தது என்றேன்.

“அளவுப் பாவாடை அனுப்புறேன், ஒண்ணு தச்சுக் குடு” என்றார். அப்புறம் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

தங்கச்சி உள்ளே வந்து முதுகைக் காட்டினாள். மேல்துணி காய்ந்திருந்தது. கையை உள்ளே விட்டேன். மல்லு சொதசொதவென்று நனைந்திருந்தது.