மெசினுக்கு வைத்த பொட்டு

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதிகம் எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் பினாங்கில், டத்தோ கிராமாட்டில் இருந்தோம். அம்மாவும் நானும் மிளகுக் கிடங்கில் சலிக்கிற வேலை. பகலெல்லாம் தும்மல். மாலையில் நான் டைப்ரைட்டிங் படித்தேன். கப்பல் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் ஓர் இடம் காலி இருந்தது. எங்கள் டைப்ரைட்டிங் மாஸ்டர் அங்கே என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். பரீட்சை பாஸானால் அந்த நாற்காலி எனக்கு. ஆகாவிட்டால் வேறொரு பெண்ணுக்கு. அடுத்த பரீட்சை வரைக்கும் நாற்காலி காத்திருக்காது என்று மாஸ்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சல்லடை மறுபடி வேண்டாம். அவ்வளவுதான் என் கணக்கு.

பரீட்சைக்கு மெசினை நாமே கொண்டுபோக வேண்டும். மாஸ்டர் தன்னுடையதில் ஒன்றை முதல் நாள் மாலையே கொடுத்தனுப்பினார். அன்றைக்கு ஆயுத பூஜை. அம்மா சல்லடைக்குப் பொட்டு வைத்தாள். அரிவாள்மணைக்கு வைத்தாள். அம்மிக்கும் வைத்தாள். நான் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் மெசின் நெற்றியில் பட்டை பட்டையாகச் சந்தனம். நடுவில் குங்குமம். ஒரு செம்பருத்தி வேறு.

"என்னம்மா இது?"

"அதுவும் ஆயுதந்தானே. உனக்குச் சோறு போடப் போவுதுல்ல."

பூவை மட்டும் எடுத்தேன். சந்தனத்தைத் துடைக்கவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

ரிக்‌ஷாவில் மெசினை மடியில் வைத்துக்கொண்டு போனேன். இழுத்த சீனக் கிழவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

பரீட்சைக் கூடத்தில் பெண்கள் மொத்தம் நாலைந்து பேர்தான். எனக்குப் பக்கத்து மேசையில் ஓர் அண்ணன். துணிக்கடைக் கணக்கர், தொப்பி போட்டவர். மூன்றாவது தடவையாக எழுத வந்திருப்பதாக அவரே சொன்னார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி. என் மெசினைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, மெசினுக்குக் கல்யாணமா?"

"ஆயுத பூஜைண்ணே."

"மாப்பிள்ளை யாரு? என் மெசின் சும்மாதான் இருக்கு லா."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் விரல் இடம் தவறும்.

மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா. அவளுக்குத் தமிழ் தெரியாது. மலாயில் ஒரே ஒரு சொல் தெரியும். "டியாம்!" அதாவது வாயை மூடு. அதை வைத்தே கூடத்தை நடத்தினாள்.

கை பழக்க ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். நடுவரிசை எழுத்துகளை மட்டும் அடித்துப் பார்த்தேன். பழுதில்லை. பிறகு கேள்வித்தாள் வந்தது. ஒரு வியாபாரக் கடிதம். அதைப் பிழையில்லாமல், அழிக்காமல், மணி அடிப்பதற்குள் அப்படியே அடித்து முடிக்க வேண்டும். ஓர் எழுத்து விட்டாலும் பிழை; இரண்டு பிழைக்கு மேல் போனால் ஃபெயில். பத்து நிமிஷம்.

முதல் சொல் பினாங்கு. இங்கிலீஷில் அதற்கு முதல் எழுத்து பி. அடித்தேன்.

பி மேலே போனது. திரும்பி வரவில்லை.

டைப் மெசினின் உள்ளே எழுத்துக் கம்பிகள் அரைவட்டமாகப் படுத்திருக்கும். சாவியை அமுக்கினால் கம்பி எழும்பி, ரிப்பன்மேல் குத்தி, தானாக விழும். அது விழுந்தால்தான் தாளைத் தாங்குகிற வண்டி அடுத்த இடத்துக்கு நகரும். என் பி விழவில்லை. தெரியாமல் அடுத்த எழுத்தை அடித்தேன். அதுவும் போய் பி மேல் மோதிக்கொண்டு நின்றது. இரண்டையும் விரலால் பிரித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

வலது ஓரத்தில், கம்பிகளின் அடிப்பக்கம் செருகியிருக்கிற சீப்புப் பல்லுக்குள் ஒரு மஞ்சள் பொட்டு. அம்மா நெற்றியோடு நிற்கவில்லை. மெசினின் வாய்க்குள்ளும் வைத்திருக்கிறாள். ஈரச் சந்தனம் இறங்கி, இரவெல்லாம் காய்ந்து, பி கம்பியைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவை சைபரும் அரைப்புள்ளியும். அவை அவ்வளவாக வேண்டாம். பி வேண்டும்.

கடிதத்தைப் பார்த்தேன். மிளகு. இங்கிலீஷில் பெப்பர். அந்த ஒரு சொல்லில் மட்டும் மூன்று பி. கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, கொப்பரை, பிக்கல் என்கிற எடைக் கணக்கு, பவுண்டு, கப்பலேற்றியது. எல்லாவற்றிலும் பி. அடியில் ஒரு விலைப்பட்டியல். அதில் வரிக்கு வரி கடைசியில் "பெர் பிக்கல்".

மிளகை விட்டு ஓடலாம் என்று வந்தேன். அது எனக்கு முன்னே வந்து உட்கார்ந்திருந்தது.

அங்கேதான் எனக்கு முதல் சிரிப்பு வந்தது. அடக்கினேன்.

ஒவ்வொரு பி அடித்ததும் கையை எடுத்துக் கம்பியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஒரு வரிக்கே மூச்சு வாங்கியது. விரல் எல்லாம் மை. கை ஒவ்வொரு தரமும் இடம் தவறியது. இப்படிப் போனால் பாதிக் கடிதத்தில் மணி அடித்துவிடும்.

அதனால் பியை விட்டுவிட்டேன்.

பி வர வேண்டிய இடத்தில் இடைவெளிக் கட்டையை ஒரு தட்டு. இரண்டு பி என்றால் இரண்டு தட்டு. மற்ற எழுத்துகளை வேகமாக அடித்துக்கொண்டே போனேன். பி சுண்டுவிரல் வேலை. என் சுண்டுவிரல் எப்போதும் சோம்பல். இப்போது அதற்குப் பதில் கட்டைவிரல் தட்டியது. நான் வழக்கமாக அடிப்பதைவிட வேகம் கூடிவிட்டது. மெசின் குதித்தது. வண்டி ஓரத்துக்குப் போய் மணி அடிக்கும், திருப்பித் தள்ளுவேன், மறுபடி ஓடும். எனக்கு ஊஞ்சலில் ஆடுகிற மாதிரி இருந்தது.

பக்கத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். என் தாள் முழுக்க ஓட்டை.

"தங்கச்சி, கடுதாசிக்குப் பல்லு விழுந்துருச்சு."

"முளைக்கும்ணே. உங்க தாளைப் பாருங்க."

"டியாம்!"

விலைப்பட்டியலையும் ஓட்டையோடே அடித்து முடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இனிப் பல் கட்ட வேண்டும்.

தாளை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் வரி கோணும். உருளையைப் பல்சக்கரத்தோடு டிக் டிக் என்று திருப்பினால், எந்த வரிக்குப் போனாலும் எழுத்து பழைய மட்டத்திலேயே விழும். அது எனக்குத் தெரியும். முதலில் பட்டியல். அதில் "பெர் பிக்கல்" எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. பத்திக்கு நிறுத்தம் வைத்து அடித்ததால் ஒரு மயிர்கூட விலகவில்லை. ஆகவே வண்டியை எங்கேயும் இழுக்க வேண்டாம். வலது கை பி அடிக்கும். இடது கை கம்பியைத் தட்டி விழவைக்கும். வண்டி ஓர் இடம் நகரும். பின்சாவியால் அதே இடத்துக்குக் கொண்டுவருவேன். உருளையை ஒரு வரி திருப்புவேன். மறுபடி பி. "பெர்" பத்தியில் மேலிருந்து கீழே இறங்கினேன். "பிக்கல்" பத்தியில் கீழிருந்து மேலே ஏறினேன்.

டப், தட்டு, டக், டிக். டப், தட்டு, டக், டிக்.

மேளம் மாதிரி விழுந்தது. அண்ணன் மேசைக்கு அடியில் காலால் தாளம் போட்டார். எனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது. அவர் இருமுகிற மாதிரி சிரித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் இருமினார்.

"டியாம்! டியாம்!"

பட்டியல் முடிந்தது. இனிக் கடிதத்தின் வரிகள். கீழ் வரியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே போனேன். இங்கே ஓட்டைகள் சிதறிக் கிடந்தன. பக்கவாட்டு நெம்புகோலை அமுக்கினால் வண்டி கைக்கு வரும். இழுத்து ஓட்டைக்கு நேராக நிறுத்தி அடித்தேன். தட்டினேன். மறுபடி இழுத்தேன். சொல்லுக்குச் சொல் நடுவில் இருக்கிற உண்மையான இடைவெளியில் ஒரு பி அடிக்கப் போய், கடைசி நொடியில் கையை எடுத்தேன். அண்ணன் பெருமூச்சு விட்டார். அவர் தன் தாளை எப்போதோ மறந்துவிட்டார்.

"அடிங்கண்ணே, உங்களுக்கு நேரம் போவுது."

"போவட்டும் தங்கச்சி. மூணு தடவையில இன்னைக்குத்தான் பரீட்சை நல்லா இருக்கு."

ஓட்டை விழுந்த முதல் வரிக்கு வந்தேன். ஒரு பெப்பர் மிச்சம். வெள்ளைக்கார அம்மா கைமணியைத் தூக்கிவிட்டாள். முதல் பி. தட்டு. இடைவெளிக் கட்டை ஒன்று. இரண்டாவது பி. தட்டு. மூன்றாவது பி அடித்தேன். மணி அடித்தது.

கம்பி மேலேயே நின்றது. கையை நீட்டித் தட்டப் போனேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். அதுதான் கடைசி பி. இனி அது திரும்பி வர வேண்டியதே இல்லை. ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும்.

என்னால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தார். தொப்பி விழுந்தது. வெள்ளைக்கார அம்மா தாளுக்குக் கை நீட்டினாள். நான் தாள் பிடியைத் தளர்த்தி ஒரே இழுப்பாக இழுத்தேன். நின்ற கம்பி ரிப்பனை அழுத்திக்கொண்டிருந்ததால் கடைசி பிக்கு வால் நீண்டுவிட்டது. அவள் அந்த வாலைப் பார்த்தாள். மெசினின் நெற்றியைப் பார்த்தாள். என் மை விரலைப் பார்த்தாள். இந்தத் தடவை டியாம் சொல்லவில்லை. தாளை அடுக்கில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோளும் குலுங்கியது.

சில வாரம் கழித்து மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று, "பாஸ்" என்றார். "ஒரு பிழைதான் போட்டிருக்காங்க. ஒரு எழுத்துக்கு வால் நீளமாம். எப்படிம்மா வால் வந்துச்சு?"

நான் வாலின் கதையைச் சொன்னேன். சந்தனத்திலிருந்து தொடங்கினேன். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மெசின் அல்லவா.

அம்மா கோப்பி கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா," என்றாள் மாஸ்டரிடம். "வாய்ல வச்சதாலதான் பாஸ். நெத்தியில மட்டும் வச்சிருந்தா இவ எப்பவும் போல மெதுவா அடிச்சிருப்பா."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். கணக்குப் பார்த்தால் அவள் சொன்னது சரி.

ஆபீஸில் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த கடிதம் மிளகைப் பற்றியது. பி எழும்பியது, விழுந்தது. எழும்பியது, விழுந்தது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பாக வந்தது. பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"நெத்தியில மட்டும்மா."

"சரி சரி," என்றாள். கண் மட்டும் மெசினின் வாயிலேயே இருந்தது.