துருக்கிக் காப்பியும் மருமகனும்

என் மருமகன் கப்பலில் சமையல்காரர். வேலையில்லாமல் வீட்டில் இருந்த சமயம், துறைமுகத்துக்கு ஒரு துருக்கிக் கப்பல் வந்தது. அதன் சமையல்காரர் ஊருக்குத் திரும்புகிறாராம். கப்பல் ஏஜெண்ட் அண்ணாச்சி கேப்டனை எங்கள் வீட்டுக்கு மீன் சாப்பிடக் கூட்டி வந்தார். மீனுக்கு இல்லை, மருமகன் போடும் காப்பியைச் சோதித்துப் பார்க்கத்தான். சோறு யாரும் பொங்குவார்கள், துருக்கிக் காப்பி போடத் தெரிந்தவன்தான் வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

அந்தக் காப்பிக்கு நீளக் கைப்பிடி வைத்த குட்டிச் செம்புப் பாத்திரம் ஒன்று உண்டு. வாய் குறுகியிருக்கும். மூடி கிடையாது. முகப்பவுடர் மாதிரி அரைத்த தூளையும் சீனியையும் பச்சைத் தண்ணீரில் போட்டு, முதலில் கலக்குவதோடு சரி. பிறகு கரண்டி படக்கூடாது. சின்னத் தீ. ஓரத்தில் நுரை வளையமாகக் கட்டி, நடுவை நோக்கி மூடிக்கொண்டே வரும். மூடியதும் சட்டென்று எழும்பும். அந்த நேரம் இறக்க வேண்டும். கொதித்தால் நுரை போயிற்று. மருமகன் தினமும் பழகியதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வர மாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

சாப்பாடு முடிந்தது. மருமகன் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பை வைத்துப் பற்றவைத்தார். கேப்டன் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பெரியவர் கேட்கும்போது முகம் பார்க்காமல் பதில் சொல்வது மரியாதையா? மருமகன் அவர் பக்கம் திரும்பிவிட்டார். வளையம் மூடிக்கொண்டு வந்தது.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் மகளிடம், "ஏளா, பொங்கப் போவுதுன்னு அவுகட்ட சொல்லு" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் பொங்கி வழிந்து அடுப்பும் அணைந்தது.

ஏஜெண்ட் அண்ணாச்சி சமாளித்தார். எங்க ஊரில் பொங்கினால் நல்ல சகுனம் என்று இங்கிலீஷில் சொன்னாராம். எங்க ஊரில் பொங்கினால் மறுபடி போட வேண்டும் என்றாராம் கேப்டன்.

தூள் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. மருமகன் பாத்திரத்தைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து மறுபடி வைத்தார். கேப்டன் மறுபடி ஏதோ கேட்டார். இவர் மறுபடி திரும்பினார். மகள் எச்சில் தட்டுகளோடு கொல்லைக்குப் போயிருந்தாள். வளையம் மூடி, நுரை கழுத்துக்கு வந்தது.

"மாப்பிள்ள, எறக்குங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறக்கினார். நுரையைக் கரண்டியால் கோப்பைகளில் பகிர்ந்தார். பாத்திரத்தை மறுபடி தீயில் காட்டி, எழும்பியதும் நுரை உடையாமல் ஓரமாக ஊற்றினார்.

காப்பித்தூளின் மண்டி அடியில் இறங்கும்வரை காத்திருந்து கேப்டன் குடித்தார். பிறகு ஏஜெண்டைப் பார்த்துத் தலையசைத்தார். மருமகனுக்குக் கப்பல் வேலை கிடைத்துவிட்டது.

கொல்லையிலிருந்து வந்த மகள், "எம்மா, நீயா அவுகட்ட பேசுன?" என்றாள்.

பேசியது ஏஜெண்ட் அண்ணாச்சியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.