ஜெமீல் போட்ட கட்டைவிரல்

என்னைக் கட்டின மாப்பிள்ளை ஜெமீலைத் தெரியுமா என்று அவரோடு படித்த யாரிடமும் கேளுங்கள், குரலைத்தான் முதலில் சொல்வார்கள். மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்து, புத்தளத்தில் பாலாவிப் பக்கம் அகதி முகாமில் வளர்ந்தவர். முகாம் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டம் அவர் குர்ஆன் ஓதுகிற கிராஅத்தோடுதான் தொடங்குமாம். பிறகு உப்பளத்தில் வேலை. அங்கேயும் பகல் லுஹர்த் தொழுகைக்கு அவர்தான் பாங்கு சொல்வார்.

போன வருடம் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் ஒரு துண்டுத் துணி. இப்போது எதுவும் சொல்ல வேண்டுமென்றால் போனில் எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

சாதாரண தரப் பரீட்சையை ஒன்றாக எழுதியவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்று அந்தப் போனில் கிடந்தது. விடிந்தால் ரோசாப்பூப் படம், வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ முபாரக். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். அவர் எல்லாவற்றையும் வாசிப்பார், ஒன்றும் எழுதமாட்டார். ஒருநாள் அதை நடத்துகிற ஃபைஸல் இப்படி எழுதியிருந்தார்:

"அஸ்ஸலாமு அலைக்கும். வார டிசம்பர் லீவுல எல்லாரும் ஒருக்காச் சந்திப்பமா? கண்டக்குழிக் கடற்கரையில ஒரு லொட்ஜ் பாத்திருக்கன். பொம்புளைகளுக்கு வேற இடம் இருக்கு, குடும்பத்தோட வரலாம். எப்பவும் கதைக்கிற ஏழெட்டுப் பேர் மட்டும் கதைச்சாக் காணாது. வாசிச்சிட்டுச் சும்மா இருக்கிற ஆக்களே, உங்களத்தான் கேக்கிறன். எழுத ஏலாட்டி ஒரு கட்டைவிரலாவது போடுங்க. வர ஏலாட்டி அதையும் சொல்லுங்க, ஒருத்தரும் கோவிக்க மாட்டம். எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கமெண்டா எனக்குத் தனிய எழுதுங்க."

அதை அவர் எத்தனை தரம் வாசித்தாரோ! சோறு ஆறிப்போனது. கடைசியில் கட்டைவிரலைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை.

உடனே குழு துள்ளியது. "அல்ஹம்துலில்லாஹ், ஜெமீலும் வாரான்!" "மச்சான், உன்ட கிராஅத்தைக் கேட்டு எவ்வளவு காலம்!" எந்த நாள் என்று வாக்கெடுப்பு வைத்தார்கள், இரண்டாவது சனிக்கிழமை வென்றது. போக வேன் பேசினார்கள், நிகழ்ச்சி நிரல் வந்தது. முதல் வரியிலேயே, கிராஅத்: ஜெமீல்.

அவர் முகம் செத்துப்போனது.

"தனிய எழுதச் சொல்லித்தானே இருக்கு, ஃபைஸலுக்கு எழுதுங்களன்" என்றேன். கேட்கவில்லை. எல்லாரும் கேட்டதற்கு எல்லாருக்கும்தான் பதில் சொல்ல வேண்டுமாம். மரியாதைக்காரர்! ஸலாமில் தொடங்கி, நோய், ஆஸ்பத்திரி, மன்னிப்பு என்று நீட்டி நீட்டி எழுதினார். கடைசி வரி மட்டும்தான் அவருக்கு வேண்டியது: "ஓத ஏலாது, ஆனா கட்டாயம் வருவன், ஒரு மூலையில இருந்து உங்களையெல்லாம் பாத்தாப் போதும், பாலாவிச் சந்தியில என்னையும் ஏத்துங்க."

நீளமான செய்தியைப் போன் பாதியில் வெட்டிவிடும். 'மேலும் வாசிக்க' என்பதை அமத்தினால்தான் மிச்சம் தெரியும். அறுவைச் சிகிச்சை என்ற இடத்தோடு அது நின்றிருந்தது. நோய் என்று கண்டால் நம்மாட்கள் அதற்கப்பால் வாசிப்பார்களா? "அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக" என்று ஒருவர் போட்டார். அவ்வளவுதான், ஆமீன், ஆமீன், ஆமீன் என்று திரை நிறைந்தது. வா என்று ஒருவரும் எழுதவில்லை. அடுத்த நாள் புதிய நிரல் வந்தது. கிராஅத்: ஹுனைஸ். வேனில் ஏறுகிறவர்களின் பெயர்களில் இவர் இல்லை.

"நான் ஃபைஸலுக்குக் கோல் எடுக்கிறன்" என்று போனைப் பறித்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுதிக் காட்டினார்: "வேணாம் நபீலா. வாசிச்சிருப்பாங்க. ஏத்துவாங்க."

அந்தச் சனிக்கிழமை நீலச் சட்டையை அவரே அயன் பண்ணினார். கழுத்துக்குப் புதுத் துணி கேட்டார். வெள்ளைத் துணி வெட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் அத்தரும் பூசிக்கொண்டு சந்திக்கு நடந்தார்.

வெயில் ஏற முன்னமே திரும்பி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன், எழுதிப் போனைத் திருப்பினார்.

"வேன் வந்திச்சு. கல்பிட்டி ரோட்டுக்குத் திரும்பக்குள்ள மெதுவாத்தான் போச்சு. ஃபைஸல் முன்னுக்கு இருந்தான். கை காட்டினன், காணல்ல. கூப்பிட்டிருந்தா நிண்டிருப்பாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது? அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு குழுவில் படம் வந்தது. கடலுக்கு முன்னால் எல்லாரும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். கீழே ஃபைஸல் எழுதியிருந்தார்: "வர ஏலாமப் போன ஜெமீலுக்காக எல்லாரும் கையேந்தி துஆச் செஞ்சம்."

அவர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைப் போட்டார்.