எம் எழுத்துக் கப்பல்

ஆவடி தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தபோது எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வெளிநாட்டு நோட்டு சேர்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பாயை விரித்து, இன்னும் சில கிறுக்கர்களோடு மாற்றிக்கொள்வேன். இலங்கை நோட்டில் தமிழ் இருக்கும், சிங்களமும் இருக்கும். பாகிஸ்தான் நோட்டில் உருதும் வங்காளமும் இருக்கும். நம் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் சிங்கத் தூண் தெரியும். எழுத்தையும் நீர்க்குறியையும் பார்த்தாலே ஊரைச் சொல்லிவிடலாம் என்று எங்களுக்குத் திமிர்.

பருத்திப்பட்டில் இட்லி விற்ற அக்கா ஒருநாள் பாயருகே வந்து உட்கார்ந்தார். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் கப்பலேறிப் போன அவர் புருஷன் திரும்பவே இல்லை. ஊர் ஆட்கள் எல்லாரும் பர்மாவுக்குத்தான் போனார்கள், அதனால் அவரும் பர்மாதான் என்று அக்காவின் அண்ணன் அடித்துச் சொல்லிவிட்டான். பர்மாவிலிருந்து தமிழர்கள் விரட்டப்பட்டு வந்த காலம் அது. ஒவ்வொரு கப்பலுக்கும் அக்கா ரயிலேறித் துறைமுகத்துக்குப் போவார். புருஷன் பேரைச் சொல்லிக் கேட்பார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விசாரிக்காமல் பேசியவன் அண்ணன், அலைந்தது இவர்.

"நைனா, இத்த கொஞ்சம் பாரு. சண்டை முடிஞ்சப்போ யாரோ ஒருத்தரு அவரு சட்டைய எங்க அண்ணன் கையில குடுத்துட்டு போய்ட்டாரு. மடிப்புல இது கீது. பர்மா பணந்தானே?"

எலி கடித்த பாதி நோட்டு. படம் போயிருந்தது. 'ஜப்பான் அரசு' என்று ஆங்கிலம், அடியில் ஜப்பான் எழுத்து, அவ்வளவுதான். தொகை எழுதிய இடமும் போயிருந்தது. ரூபாயா வேறெதுவுமா என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தேன். சிங்கமும் இல்லை, முகமும் இல்லை.

"ஜப்பான்காரன் நோட்டுன்னா பர்மாதான், மச்சான். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ஆராய்ச்சி?" என்றான் பாயில் உட்கார்ந்திருந்த என் கூட்டாளி.

"சும்மா இரு. உன் வாயி எக்ஸ்பிரஸ் வண்டி."

என்னிடம் ஒரு முழுப் பர்மா நோட்டு இருந்தது. அதுவும் ஜப்பான்காரன் அச்சடித்ததுதான். அதே ஆங்கிலம், அதே அடி எழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். என் நோட்டில் வரிசை எழுத்து 'பி'யில் தொடங்கியது. அக்காவின் நோட்டில் ஓரத்தில் மிஞ்சியிருந்த இரண்டு எழுத்தில் முதலாவது 'எம்'.

கூட்டாளி தன் ஆல்பத்தைப் புரட்டினான். மலாயாவில் புழங்கிய ஜப்பான் நோட்டை எடுத்து வைத்தான். அதிலும் 'எம்'. பிடித்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முதலெழுத்து என்று ஜப்பான்காரன் வைத்திருக்கிறான். பர்மாவுக்கு பி, மலாயாவுக்கு எம். நாட்டைச் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் எலி தின்றும் அந்த ஒரு எழுத்து மட்டும் தப்பியிருந்தது. கடல் தாண்டி, சண்டை தாண்டி, ஒரு மனிதன் இருந்த நாட்டை நகத்தளவு மை சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

"அக்கா, இது பர்மா இல்ல. மலாயா."

"அப்போ நான் இத்தினி வருசமா வேற கப்பலாண்ட நின்னுகினு இருந்தனா?"

அவர் அழவில்லை. எனக்குத்தான் அவர் அண்ணனை நாலு சாத்து சாத்தணும் போலிருந்தது. நோட்டு சொல்வது இவ்வளவுதான் என்று சொன்னேன். உயிரோடு இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. சட்டை கொடுத்தவர் அங்கிருந்து வந்திருக்கலாம், அவ்வளவே.

"போதும், நைனா. பினாங்கு கப்பல் எப்போ வருது?"

மலாயாவிலிருந்து வரும் அடுத்த பினாங்கு கப்பலுக்குக் கூட்டாளியும் நானும் அக்காவோடு போனோம். அவன் தன் முழு மலாயா நோட்டையும் எடுத்து வந்தான், ஒரு நொடி கூட அதைக் கையை விட்டு விடவில்லை. சுங்கக் கதவுக்கு வெளியே அக்கா பாதி நோட்டை நீட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, வாழைமரம் போட்ட நோட்டு! ஜப்பான் காலத்துல தோட்டத்துல எங்களுக்கு இதான் சம்பளம். கூடை நிறைய கொடுத்தாலும் ஒரு படி அரிசி வராது" என்று சிரித்தவர், அக்கா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "யாரும்மா, வீட்டுக்காரரா? பேர் என்ன? எந்த ஊர்லேருந்து போனவர்?"

அக்கா சொன்னார். பெரியவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் கிளம்பவில்லை. பின்னால் வந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று, ஆள் நெட்டையா குட்டையா, ரப்பர் பால் வெட்டும் வேலையா ரயில் வேலையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அத்தனை பர்மா கப்பல்களிலும் அக்காதான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே அவரைக் கேட்டார்கள். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.